நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிக் காட்டியிருந்தும், என் தமக்கையின் மகன் தன் முதல் மோட்டார் சைக்கிளுக்குக் கடன் எழுதிய தினத்தில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும், அந்தக் கணக்கின் சூட்சுமத்தை உரிய தருணத்தில் நான் உணரவில்லை. எனக்கே அந்த நிலை என்றால், துணைக்கு எவருமின்றி ஷோரூமுக்குள் நுழையும் இளைஞர்களின் நிலை என்னவாயிருக்கும் என்ற விசாரமே இந்த மடலை எழுதத் தூண்டிற்று.

பையன் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். வீடு கோவில்பாளையத்துக்கு அப்பால். போக ஒரு பதினெட்டு கிலோமீட்டர், வரப் பதினெட்டு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். ஆகவே வண்டி அவனுக்கு ஆடம்பரமன்று, ஜீவனத்துக்கான சாதனம்.

ஷோரூமில் அவன் தேர்ந்தெடுத்த வண்டியின் ஆன் ரோடு விலை 1,10,000 ரூபாய். முன்பணம் 20,000, கடன் 90,000, மாதம் 3,400 வீதம் 36 டியூ. வட்டி எவ்வளவு என்று கேட்டேன். கடன் நிறுவனத்தின் சார்பில் அங்கே மேஜை போட்டு அமர்ந்திருந்த இளைஞர், "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதானுங்க சார். வருஷத்துக்கு 12 பர்சென்ட்டுங்க" என்றார். பேங்கிலும் 12 சதவீதந்தானே, அங்கே போய் அலைவானேன் என்று பையன் என் முகத்தைப் பார்த்தான். நானும் சம்மதித்துத் தலையசைத்தேன்.

அந்த இளைஞர் சொன்னது பொய்யன்று. ஆயினும், நம் ஜனங்கள் காதில் 'ஒரு ரூபாய் வட்டி' என்ற சொல் எவ்வாறு விழுகிறது என்பதைத் தாங்கள் தயவுசெய்து சிந்தித்துப் பார்க்க வேண்டும். கிராமத்தில் ஒருவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு 90,000 ரூபாய் கைமாற்று வாங்கினால், மாதம் 900 ரூபாய் வட்டி கட்டி வருவார். அசல் அத்தனையும் கடைசி நாள்வரை அவர் கையிலேயே இருக்கும். முழு அசலையும் அனுபவிப்பதால் முழு அசலுக்கும் வட்டி கொடுப்பது நியாயமே. பரம்பரையாக நம் மனத்தில் பதிந்த 'ஒரு வட்டி' இதுதான். வண்டிக் கடனிலோ அசலும் மாதந்தோறும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. வட்டி மட்டும், ஒரு காசும் திரும்பி வராதது போல, முதல் நாள் அசலின் மீதே நின்றுவிடுகிறது. கடன் கொடுப்போர் இதை 'பிளாட் ரேட்' என்கிறார்கள்.

3,400 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிரத்தியட்சமாகும். அவர்கள் கணக்குப்படி அதில் அசல் 2,500, வட்டி 900. முதல் மாதம் 90,000 ரூபாய்க்கு 900 என்பது நூற்றுக்கு ஒரு ரூபாய்தான். பதினெட்டு டியூ கட்டிய பிறகு பாக்கி அசல் 45,000. அப்போதும் வட்டி 900, ஆகவே அந்த மாதம் அது நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. கடைசி மாதத்தில் அவன் கையில் நிற்பது 2,500 ரூபாய் மாத்திரமே. அதற்கும் 900 ரூபாய். அது நூற்றுக்கு முப்பத்தாறு ரூபாய் வட்டியாகிறது. ஒரு ரூபாயில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும் இந்த வட்டியைக் குறையும் பாக்கியின் மீது ஒரே சீராகப் பரப்பிக் கணக்கிட்டால், அது வருடத்துக்கு 12 சதவீதமன்று, 21.2 சதவீதம்.

வங்கி சொல்லும் 12 சதவீதமோ மாதாமாதம் குறைந்துவரும் பாக்கிக்கே வசூலிக்கப்படுவது. அதே 90,000 ரூபாய்க்கு, அதே மூன்று வருடத்துக்கு, வங்கித் தவணை 2,989 ரூபாய். மொத்த வட்டி சுமார் 17,600. ஷோரூமில் மொத்த வட்டி 32,400. இரண்டு இடத்திலும் உச்சரிக்கப்படும் எண் பன்னிரண்டுதான். வித்தியாசம் மாதம் 411 ரூபாய், மூன்று வருடத்தில் ஏறக்குறைய 14,800 ரூபாய்.

இத்துடன் முடியவில்லை. பில் போடும் நேரத்தில் முன்பணம் 20,000 என்பது 24,000 ஆயிற்று. டாக்குமென்ட் சார்ஜ் 2,400, கடனுக்கான இன்ஷூரன்ஸ் 1,600 என்றார்கள். வண்டிக்குச் சட்டப்படி எடுக்க வேண்டிய இன்ஷூரன்ஸ் ஆன் ரோடு விலையிலேயே அடங்கிவிட்டது. இது கடன்காரனின் உயிருக்கு எடுக்கும் வேறொரு பாலிசி. கடன் பெறுவதற்காகவே 4,000 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்தவன் உண்மையில் பெற்ற உதவி 86,000 தான். திருப்புவதோ 90,000 ரூபாய்க்குரிய தவணை. இதையும் சேர்த்தால் வருட விகிதம் 24.6 சதவீதமாகிறது. பன்னிரண்டு என்று காதில் விழுந்தது இரட்டிப்புக்கும் மேல்!

இந்த 24.6 என்ற எண்ணை நான் கண்டுபிடித்ததாகத் தாங்கள் எண்ண வேண்டாம். அது தங்கள் உத்தரவின் பயனாகவே எங்கள் கைக்கு வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும், வங்கியாயினும் நிதி நிறுவனமாயினும், 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். சகல கட்டணங்களும், மூன்றாமவருக்காக வசூலிக்கும் இன்ஷூரன்ஸ் தொகையும்கூடச் சேர்ந்த வருடாந்திர விகிதம் அதில் இருக்க வேண்டும். அவருக்குப் புரியும் பாஷையில் இருக்க வேண்டும். அதைப் படித்துச் சம்மதம் சொல்லக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு என்றெல்லாம் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இவ்வளவு தெளிவான, தர்மமான ஒரு விதியை வகுத்தமைக்காக முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அறிக்கை எங்களிடம் எப்போது வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மேஜையில் இருந்த இளைஞர் பையனின் ஆதார், பான் கார்டுகளைப் படமெடுத்தார், முகத்தைப் படமெடுத்தார், "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க தம்பி" என்றார். பையன் ஆறு இலக்கத்தைச் சொன்னான். சிறிது நேரத்தில் மறுபடியும் ஓர் ஆறு இலக்கம், அதையும் சொன்னான். முதலாவது கடன் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து. இரண்டாவது, மாதம் ஐந்தாம் தேதி அவன் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ள அனுமதி. அரை மணியில் எல்லாம் முடிந்து, வண்டிக்கு மாலை போட்டுச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு ஒன்பது மணிக்குத்தான் அவன் கைப்பேசியில் இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட ஒரு பிடிஎப் வந்தது, அத்தனையும் ஆங்கிலம். அதன் நடுவே ஓர் அட்டவணையில் 24.6 இருந்தது. "மாமா, இது என்ன இருபத்தி நாலு?" என்று அவன் கேட்டபோது, ஆசிரியனாகிய நான் வெட்கிப் போனேன்.

கீழே தவணை அட்டவணை இருந்தது. ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அடைந்துவிடும், பாக்கி 60,000 ரூபாயைச் சீட்டு எடுத்துக் கட்டிவிடலாம் என்று பையன் மனக்கோட்டை கட்டியிருந்தான். பன்னிரண்டாவது வரியிலோ பாக்கி அசல் 66,000 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கண்டிருந்தது. முன்கூட்டி முடிப்பதற்குத் தனிக் கட்டணம் வேறு. முடிக்கும்போது மட்டும் குறையும் பாக்கிக் கணக்கு. கடன் பேசும்போது பிளாட் கணக்கு.

அப்படியானால் வங்கிக்கே போயிருக்கலாமே என்று கேட்பது சுலபம். வண்டியை நிச்சயிக்கும் முன்பு ஒரு முறை போய்த்தான் இருந்தான். மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். பட்டறையில் சனிக்கிழமைதோறும் கூலியைக் கவரில் போட்டுக் கொடுப்பார்களேயன்றிச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் இல்லை. சிபில் ஸ்கோர் இல்லை என்றார்கள். முதன்முதலாகக் கடன் கேட்பவனுக்கு அது எங்கிருந்து வரும்? கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கலாகாது என்பது தங்கள் வங்கியே சொல்லியிருக்கும் அறிவுரை. அது எங்கள் ஊர்க் கிளையின் ஜன்னல்வரை வந்து சேரவில்லை.

ஷோரூம் கடனை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பது என் பட்சமன்று. சம்பளச் சீட்டு இல்லாதவனையும் நம்பி, அரை மணியில் பணம் கொடுத்து, அவன் தவறினால் நஷ்டத்தையும் ஏற்கும் ஸ்தாபனம் வங்கியைவிடச் சற்று அதிக வட்டி கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. அதிக விலையென்று தெரிந்தே ஒருவன் வாங்கினால் அது அவன் சுதந்திரம். விலையை வேறொரு எண்ணால் சொல்லிவிட்டு, உண்மையான எண்ணை இரவு ஒன்பது மணிக்கு அனுப்புவதே என் ஆட்சேபம்.

ஆகவே மூன்று காரியங்களைத் தங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன். முதலாவது, வண்டிக் கடனுக்கு வாய்மொழியாகவோ, விளம்பரத்திலோ, கொட்டேஷன் தாளிலோ பிளாட் விகிதத்தைச் சொல்வதையே தடை செய்து, சகல செலவும் அடங்கிய வருடாந்திர விகிதம் ஒன்றையே சொல்லுமாறு விதிக்க வேண்டும். இரண்டாவது, முக்கிய விவர அறிக்கையின் முதல் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, முன்பணம் வாங்குவதற்கு முன்பே கையில் கொடுக்க வேண்டும். அது கொடுக்கப்பட்ட நேரத்துக்கும் ஓடிபி பெறப்பட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியைத் தங்கள் ஆய்வாளர்கள் பதிவேடுகளில் சோதிக்க வேண்டும். இரண்டும் ஒரே நிமிஷத்தில் நிகழ்ந்திருந்தால் அங்கே யாரும் எதையும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மூன்றாவது, கூலிக் கவரோடு வருபவனின் ஆறு மாத வங்கிக் கணக்கையும் பட்டறை முதலாளியின் கடிதத்தையும் வருமானச் சான்றாக ஏற்றுக்கொள்ள வங்கிக் கிளைகளுக்கு எழுத்து மூலம் தெளிவுறுத்த வேண்டும்.

என் மருமகனுக்காக நான் எதையும் கேட்கவில்லை. அவன் ஓடிபி சொல்லிவிட்டான். ஐந்தாம் தேதிதோறும் 3,400 ரூபாயைக் கணக்கில் வைத்துவிடுகிறான். கடைசிவரை கட்டியும் விடுவான். வங்கிக் கடனாயிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய அந்த 411 ரூபாய், சுமார் நான்கு லிட்டர் பெட்ரோல். பட்டறைக்குப் போய்வர ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் காணும். அடுத்த முகூர்த்த நாளில் அதே மேஜைக்கு முன் வேறொரு பையன் உட்காருவான். அவனிடம் ஆறு இலக்கம் கேட்கப்படுவதற்கு முன்னால், அந்த 24.6 அவனுக்குத் தெரிந்த எழுத்தில் அவன் கண்முன் இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர் மாவட்டம்