லெவீன் ‘பாஸ்’ ஆகிவிட்டதாம்

வெள்ளவத்தையில் என் மேசைக்கு முன்னால் மடிக்கணினியோடு வந்து உட்காரும் இறுதியாண்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள்.

“சேர், லெவீன் பாஸ். இனி அனோவா போடலாம்தானே?”

“என்னத்தைப் பாஸ் பண்ணினது?”

“பி பெறுமானம் 0.05ஐ விடக் கூட. மாறற்றிறன் எல்லாம் சமம் எண்டு வந்திட்டுது.”

அப்படி ஒன்றும் வரவில்லை. லெவீன் சோதனை சமத்துவத்தை நிரூபிப்பதில்லை. சமமில்லை என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, ஒரு சோதனையைப் பரீட்சை மண்டபத்து வாயிற்காவலனாக நிறுத்திவைத்திருக்கிறோம். சீட்டைக் காட்டினால் அனோவா, இல்லாவிட்டால் கிரஸ்கல்-வாலிஸ். சுற்றில் கிடக்கும் குறிப்புகளிலும் இதுவே ஓதப்படுகிறது. இது பிழையான வழி என்பதே என் வழக்கு.

வகுப்பில் நான் வைக்கும் கற்பனைக் கணக்கு ஒன்றைப் பாருங்கள். மூன்று இடங்களிலிருந்து காலையில் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் பயண நேரம் கேட்கிறோம். வெள்ளவத்தையில் 30 பேர்: இடை 24 நிமிடம், நியம விலகல் 4. தெஹிவளையில் 20 பேர்: இடை 25, விலகல் 5. கொட்டாஞ்சேனையில் 10 பேர்: இடை 31, விலகல் 14. முதல் இரண்டு ஊர்க்காரருக்கும் கரையோர ரயில் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தூரம் குறைவுதான், ஆனால் துறைமுக லொறிகள் வழிவிட்டால் ஒரு கதை, விடாவிட்டால் இன்னொரு கதை.

வழமையான அனோவா என்ன செய்யும்? மூன்று குழுக்களின் சிதறலையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கும். கலந்தபின் கிடைக்கும் பொது நியம விலகல் ஏறத்தாழ 6.9. கொட்டாஞ்சேனையின் 14ஐ அது பாதியாக்கிவிட்டது, ஏனென்றால் பானையில் விழுந்ததில் பெரும்பங்கு வெள்ளவத்தைக்காரருடையது. கொட்டாஞ்சேனை இடையின் நியம வழு உண்மையில் 4.4 நிமிடம். அனோவாவோ அதை 2.2 என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையில் எஃப் 3.95, பி 0.025 என்று அறிவிக்கிறது. பிள்ளையும் “இடங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு” என்று எழுதிவிடும்.

பானையில் கலக்காமல் ஒவ்வொரு குழுவுக்கும் அதனதன் மாறற்றிறனையே வைத்துக் கணிப்பது வெல்ச் 1951இல் தந்த முறை. அதே எண்களுக்கு அது தரும் எஃப் 1.36, பி 0.28. பயமுறுத்திய வேறுபாடு காணாமற் போய்விட்டது. சிறிய குழுவில் பெரிய சிதறல் இருந்தால் அனோவா இல்லாத வேறுபாட்டைக் காணும். பெரிய குழுவில் பெரிய சிதறல் இருந்தால் உள்ளதையும் காணாமல் விடும். குழுக்கள் சம அளவாக இருந்தால் சேதம் பெரும்பாலும் சிறிது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கையும் நியம விலகலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தச் சின்ன அட்டவணையைத்தான்.

“இந்தக் கணக்கில் லெவீனே பிடித்துவிடுமே” என்பீர்கள். பிடிக்கும். அது செய்வது எளிய வேலை: ஒவ்வொருவரும் தம் குழுவின் இடையிலிருந்து எவ்வளவு தூரம் என்று எடுத்து, அந்தத் தூரங்களுக்கே ஓர் அனோவா போடுகிறது. (இடைக்குப் பதில் இடையத்தை வைத்தால் கோணலான தரவிலும் ஓரளவு நிதானமாக நிற்கும். பிரவுணும் ஃபோர்சைத்தும் 1974இல் காட்டியது அது.) குறை சூத்திரத்தில் இல்லை, மாதிரியின் அளவில் இருக்கிறது. இரண்டு குழுக்களின் மாறற்றிறனை ஒப்பிடும் பழைய எஃப் சோதனையில் கணக்குத் தெளிவாகத் தெரியும். குழுவுக்கு 5 பேர் என்றால், ஒரு மாறற்றிறன் மற்றதைப் போல் 9.6 மடங்கைத் தாண்டினால்தான் மணி அடிக்கும். குழுவுக்கு 500 பேர் என்றால் 1.2 மடங்கே போதும். அதாவது, சிறிய மாதிரியில் ஆபத்தான வேறுபாட்டுக்கும் காவலன் தூங்குகிறான், பெரிய மாதிரியில் ஆபத்தில்லாத வேறுபாட்டுக்கும் ஊரைக் கூட்டுகிறான். லெவீனுக்கும் இதே சுபாவம்தான்.

ஜோர்ஜ் பொக்ஸ் 1953இலேயே இதைக் கிண்டலடித்துவிட்டார். பெரிய கப்பல் புறப்படுமளவு கடல் அமைதியா என்று பார்த்துவரத் துடுப்புப் படகை அனுப்புகிற காரியம் என்றார். கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற எங்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. இன்னொன்று: முதற் சோதனையின் முடிவைப் பார்த்து இரண்டாவது சோதனையைத் தெரிந்தெடுத்தால், கடைசியில் எழுதும் 0.05 உண்மையான 0.05 ஆக இருப்பதில்லை. சிமர்மன் 2004இல் உருவகப்படுத்தல் மூலம் அதைக் காட்டினார்.

எதிர்முகாமும் உண்டு. “அனோவா எதையும் தாங்கும்” என்பார்கள். இதில் பாதி உண்மை, அந்தப் பாதியில் எங்கள் நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய தோமஸ் ஈடன், ஃபிராங்க் யேட்ஸுடன் சேர்ந்து 1933இல் வெளியிட்ட கட்டுரை, செவ்வன் பரம்பலுக்கு ஒத்துவராத தரவிலும் ஃபிஷரின் சோதனை நன்றாக நிற்பதைக் காட்டியது. ஆனால் அது பரம்பலின் வடிவம் பற்றிய செய்தி. சமமில்லாத குழுக்களில் சமமில்லாத சிதறல் என்பது வேறு நோய், அதற்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

சரி, லெவீன் ‘ஃபெயில்’. பிள்ளை நேரே கிரஸ்கல்-வாலிஸுக்கு ஓடுகிறது. அது தரவைத் தரவரிசை ஆக்குகிறதே ஒழிய, சிதறல் வேறுபாட்டை அழிப்பதில்லை. மூன்று பரம்பலும் ஒன்றே என்ற கருதுகோளைத்தான் அது சோதிக்கிறது. அதிலே பி சிறிதாக வந்தால், மையம் நகர்ந்ததா, அகலம் விரிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மடக்கை எடுக்கலாமா? இடை கூடக்கூட விலகலும் அதே விகிதத்தில் கூடினால் எடுக்கலாம். எங்கள் கணக்கில் 24க்கு 4, 31க்கு 14. இடை மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை, விலகல் மூன்றரை மடங்கு. மடக்கை எடுத்தாலும் கொட்டாஞ்சேனை அடங்காது.

என் யோசனை சுருக்கமானது. காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எடுத்த எடுப்பிலேயே வெல்ச் போடுங்கள். மாறற்றிறன்கள் உண்மையில் சமமாக இருந்தால் இழப்பது மிகக் கொஞ்சம். ஆர் மொழியில் இதற்கு ஒரு வரி போதும், அதன் இயல்புநிலையே வெல்ச்தான்:

```r
oneway.test(neram ~ idam, data = d)
```

`aov` என்று எழுதினால் பழைய பானைக்குத் திரும்பிவிடுவீர்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் `One-Way ANOVA` பெட்டியில் `Options` போய் `Welch`ஐத் தெரிவுசெய்யுங்கள். எந்த இரண்டு ஊர் வேறுபடுகின்றன என்று பார்க்க `Post Hoc`இல் `Tukey` வேண்டாம், அதுவும் அதே பானையிலிருந்துதான் அள்ளுகிறது. `Games-Howell` எடுங்கள். வெல்ச்சும் தெய்வமல்ல. குழுவில் நாலைந்து பேரே இருந்து, தரவும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுவும் தடுமாறும். அங்கே நேர்மையான வழி இன்னும் சிலரிடம் போய்க் கேட்டுவருவதுதான்.

இந்தச் சடங்கில் என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது வேறொன்று. கொட்டாஞ்சேனையின் அந்த 14ஐ எல்லோரும் பகுப்பாய்வைக் கெடுக்க வந்த தொல்லையாகவே பார்க்கிறார்கள். எட்டரைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஒருவருக்கு இடை 31 நிமிடம் என்பதால் என்ன பயன்? சில நாள் 17 நிமிடம், சில நாள் 45. அவர் 45ஐ நினைத்துத்தான் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். வெள்ளவத்தைக்காரர் 28ஐ நினைத்தால் போதும்.

“அப்ப ‘வேறுபாடு இல்லை’ எண்டு எழுதுறதோ, சேர்?” என்று அந்தப் பிள்ளை கேட்டது.

“இடையில வேறுபாட்டுக்குச் சான்று இல்லை எண்டு எழுது. அடுத்த பந்தியில மூண்டு விலகலையும் போட்டு, கொட்டாஞ்சேனை ஏன் இப்பிடி விரியுது எண்டு எழுது பிள்ளை.”

மேற்பார்வையாளர் லெவீன் அட்டவணையைத்தான் கேட்பார் என்றது. பின்னிணைப்பில் போடச் சொன்னேன்.