விற்காத நாளும் ஒரு நாள்தான் பாஸ்!

கல்லூரி வாசலில் இருக்கிற ஸ்டேஷனரி கடை நம்ம நண்பனோட சித்தப்பாவுடையது. ப்ராஜெக்ட்டுக்கு டேட்டா தேடி அலைஞ்ச பயபுள்ள, சித்தப்பாவின் பில்லிங் கம்ப்யூட்டரில் இருந்து 2025 செப்டம்பர் மாத விற்பனையை எக்ஸெல்லில் இறக்கினான். சயின்டிஃபிக் கால்குலேட்டரை மட்டும் தனியா பிரிச்சு, தேதிவாரியா கூட்டினான். 10 வரிசை வந்தது, மொத்தம் 40 கால்குலேட்டர். சராசரி போட்டான்: நாளைக்கு 4. ‘‘சித்தப்பா, அடுத்த மாசம் 26 நாள் கடை திறக்கிறீங்க... 104 வாங்கிப் போட்டுடுங்க!’’

கொள்முதல் விலை ஒன்றுக்கு 500 ரூபாய். சித்தப்பா கடன் சொல்லி வாங்குறவர். ஆர்டர் போகிறதுக்கு முந்தின நாள் ராத்திரி அந்த ஃபைல் என் கண்ணில் பட்டது, நல்லவேளை!

எங்கே தப்பு? கால்குலேட்டர் விற்காத நாளுக்கு யாரும் பில் போடுறதில்லை. பில் இல்லாட்டி வரிசையும் இல்லை. ஆக, அந்த 4 என்பது ‘விற்ற நாளில்’ எத்தனை விற்றது என்கிற கணக்கு. ஈ ஓட்டின நாட்கள் அதில் சேரவே இல்லை. சார்ட்டும் இதே பொய்யைச் சொல்லும். 3-ம் தேதிக்கும் 8-ம் தேதிக்கும் நடுவுல ஒண்ணுமே விற்காவிட்டாலும், எக்ஸெல் ரெண்டு புள்ளியையும் ஒரே கோட்டில் இணைச்சுடும். பார்க்கிறவங்களுக்கு தினமும் வியாபாரம் நடந்த மாதிரி தெரியும்.

சரி, ரிப்பேர் பண்ணலாம். புது ஷீட்டில் A2-வில் செப்டம்பர் 1 என்று போட்டு, 30 வரை கீழே இழுங்க. பில்லில் இருக்கிற முதல் தேதியில் ஆரம்பிக்காதீங்க! நம்மாளு ஃபைலில் முதல் விற்பனை 3-ல், கடைசி 27-ல். அதை நம்பினால் மாதத்தின் ரெண்டு முனையிலும் சேர்த்து 5 நாள் காணாமல் போயிடும். அப்புறம் B2-வில் இந்த ஃபார்முலா:

```
=SUMIFS(Bills!C:C,Bills!B:B,"Calculator",Bills!A:A,">="&A2,Bills!A:A,"<"&A2+1)
```

Bills ஷீட்டில் A தேதி, B பொருள், C எண்ணிக்கை. விற்காத நாளில் இது தானாகவே 0 கொடுக்கும். ‘தேதி சமம்’னு நேரா ஒப்பிடாமல் ‘இன்று முதல் நாளைக்கு முன்பு வரை’னு ஏன் சுத்தி வளைக்கணும்? பில்லிங் மெஷின் தேதியோடு மணியையும் சேர்த்து எழுதும். காலை 10:42-க்குப் போட்ட பில், வெறும் தேதியோடு பொருந்தாது. எல்லா நாளும் 0 ஆகிடும். அதனால முதல் வேலையா B-யின் கூட்டுத்தொகையைப் பாருங்க. பழைய 40-ம் புது 40-ம் ஒண்ணா இருக்கணும். குறைஞ்சா தேதி எங்கேயோ பொருந்தலைன்னு அர்த்தம்.

இப்போ 40-ஐ 30-ஆல் வகுத்து 1.33-னு சொல்லிடலாமா? அவசரப்படாதீங்க. ஞாயிற்றுக்கிழமை 4 நாள் கடையே கிடையாது. கடை பூட்டியிருந்ததையும், திறந்து வெச்சு யாரும் வாங்காததையும் ஒண்ணாக்கக் கூடாது. இன்னொண்ணும் இருக்கு. 17, 18 தேதிகளில் கால்குலேட்டருக்கு மட்டுமில்லை, பேனா, பேப்பர் எதுக்குமே பில் இல்லை. மத்த பொருளுக்கு பில் இருந்து இதுக்கு மட்டும் இல்லைன்னா அது நிஜ 0. எதுக்குமே இல்லைன்னா கடைக்காரரைக் கேட்கணும். கேட்டோம். ‘‘கம்ப்யூட்டர் படுத்துடுச்சுப்பா. துண்டுச் சீட்டுல எழுதினேன், சீட்டு எங்கேன்னு தெரியலை’’ என்றார் சித்தப்பா. அந்த ரெண்டு நாளும் 0 இல்லை, ‘தெரியாது’.

இந்த 6 நாளுக்கும் B-யில் உள்ள ஃபார்முலாவை Delete அடிச்சு செல்லைக் காலியா விடுங்க. AVERAGE காலி செல்லைக் கணக்கில் எடுக்காது, 0-வை எடுக்கும். சார்ட்டிலும் அந்த இடத்தில் கோடு விட்டுப் போகும். அழகுக்காக கோடு போட்டு ‘-’னு டைப் பண்ணிடாதீங்க. AVERAGE கண்டுக்காது, ஆனால் சார்ட் அதை 0-வாக வரைஞ்சுடும்!

மீதி 24 நாள். 40 வகுத்தல் 24, அதாவது 1.67. அடுத்த மாத 26 நாளுக்கு 44 போதும். 104-க்கு 60 குறைவு. முப்பதாயிரம் ரூபாய்!

சித்தப்பா 50-ஆகவே ஆர்டர் போட்டார். ‘‘ஆறு கையிருப்பா இருக்கட்டும்.’’ நண்பன் இப்போ லேப் கோட்டுக்கு ஷீட் போட்டுக்கிட்டிருக்கான், 1-ம் தேதியில் ஆரம்பிச்சு.