தேர்வு செய்யாதபோது தேர்வாகிவிடுவது

அண்மையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஐயா, நான் எந்த வரி முறையையும் தேர்வு செய்யவில்லை. ஆனால், புதிய முறைப்படி வரி பிடித்திருக்கிறார்களே?" விடை எளியது. பழைய முறை வேண்டும் என்று தெரிவிக்காத ஊழியருக்கு, 2023-24 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையே பொருந்தும். நாம் எதுவும் செய்யாதபோது தானாக நடைமுறைக்கு வரும் இத்தகைய ஏற்பாட்டை 'இயல்புநிலைத் தெரிவு' எனலாம்.

இதன் வலிமையை அமெரிக்க ஓய்வூதியச் சேமிப்பில் காணலாம். அங்கு ஒரு பெருநிறுவனம், விண்ணப்பித்தால் மட்டுமே சேரலாம் என்றிருந்த திட்டத்தில் புதிய ஊழியர்களைத் தானாகவே சேர்த்தது, விரும்பாதவர்கள் விலகலாம். பிரிஜிட் மாட்ரியன், டென்னிஸ் ஷே இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு பாதிக்கும் குறைவானோரே சேர்ந்திருந்த நிலை மாறி, 86 விழுக்காட்டினர் திட்டத்தில் இருந்தனர்.

இந்த வெற்றியைப் பலரும் மேற்கோள் காட்டுகின்றனர். அதே ஆய்வின் மறுபாதியைப் பேசுவோர் குறைவு. நிறுவனம் நிர்ணயித்த தொடக்கப் பிடித்தம், சம்பளத்தில் 3 விழுக்காடு. ஊழியரின் 6 விழுக்காடு வரையிலான சேமிப்புக்கு நிறுவனம் அதில் பாதியைத் தன் பங்காக அளித்தது. ஆண்டுக்கு 50,000 டாலர் ஊதியம் பெறுபவர் 6 விழுக்காடு சேமித்தால் நிறுவனம் 1,500 டாலர் தரும். 3 விழுக்காடு என்றால் 750 டாலர்தான். இருந்தும் பெரும்பாலோர் 3 விழுக்காட்டிலேயே தங்கிவிட்டனர். தாமாகச் சேர்ந்திருந்தால் 6 விழுக்காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய சிலரும் அவர்களில் அடக்கம். மாற்றத் தடையில்லை, ஆனால், 'பிறகு பார்க்கலாம்' என்ற தயக்கமும், நிறுவனமே பரிந்துரைத்த அளவு என்ற எண்ணமும் அவர்களைக் கட்டிப்போட்டன.

ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி இருவரும் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டனர்: ஒவ்வொரு ஊதிய உயர்வின்போதும் சேமிப்பு விகிதம் தானாக உயர வேண்டும் என முன்கூட்டியே ஒப்புதல் பெறுவது. கைக்கு வரும் சம்பளம் குறையாததால் வலி தெரிவதில்லை. முதலில் இதைச் செயல்படுத்திய நிறுவனத்தில், 40 மாதங்களில் இதில் சேர்ந்தோரின் சராசரிச் சேமிப்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 ஆக உயர்ந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். பழைய முறையில் 80சி பிரிவின் 1.5 லட்சம் ரூபாய்க் கழிவு, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு ஆகியவற்றை நோக்கி நடுத்தர வர்க்கத்தைத் தள்ளியது. புதிய முறையில் அக்கழிவு இல்லை. குறைந்த வரி விகிதம் பலருக்கு ஆதாயமே. ஆனால், வரிக்காகவேனும் சேமித்த இளைஞருக்கு அந்தத் தூண்டுதல் போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. ஊதியத்தோடு உயரும், எளிதில் விலகக்கூடிய தானியங்கிச் சேமிப்பு ஒன்றை அரசு பரிசீலிக்க வேண்டும். அதில் தொடக்க விகிதத்தை அஞ்சிக் குறைவாக வைத்தால், அதுவே பலருக்கு வாழ்நாள் விகிதமாகிவிடும்.