மஞ்சள் கரு ஆரஞ்சா இருந்தா சத்து அதிகமா? நிறத்துக்குத் தனிக் காசு கொடுக்கும் முன் ஒரு நிமிஷம்

அரக்கோணம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நான் வழக்கமாக முட்டை வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. சாயங்காலம் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் திரும்புகிற பாதிப் பேர் அங்கே நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். கடை வாசலில் இரண்டு அடுக்கு. ஒன்றில் வழக்கமான வெள்ளை முட்டை. இன்னொன்றில் பழுப்பு ஓட்டோடு, இரண்டு மடங்குக்கும் மேல் விலை வைத்த 'நாட்டு முட்டை'. "சார், உடச்சுப் பாருங்க, கரு செக்கச்செவேல்னு இருக்கும். அதுலதான் சத்து" என்று கடைக்காரர் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

இதை ஒரு வியாபாரப் பேச்சு என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் போன மாதம் என் அக்கா தன் பெண்ணிடம் சொன்னதைக் கேட்டேன். அவள் படிப்பது அரசுப் பள்ளி, மதியம் சத்துணவில் முட்டை உண்டு. "ஸ்கூல்ல குடுக்குற முட்டையில கரு வெளுத்துப் போய் இருக்குல்ல, அதுல ஒண்ணும் இல்ல. வெள்ளைய மட்டும் சாப்பிட்டுட்டு வா. வீட்டுக்கு வந்தா நாட்டு முட்டை அவிச்சுத் தரேன்."

முட்டையில் இருக்கும் வைட்டமின் ஏ, டி, இரும்புச் சத்து, கோலின் எல்லாம் பெரும்பாலும் அந்த மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. வெளிறிப்போன கரு என்பதற்காக ஒரு குழந்தை அதைத் தட்டிலேயே ஒதுக்குகிறது. அதை ஈடுகட்ட வீட்டில் இரட்டை விலை கொடுத்து இன்னொரு முட்டை வாங்குகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

கோழியால் மஞ்சள் நிறத்தைத் தானாக உண்டாக்க முடியாது. கருவில் தெரியும் நிறம் முழுக்க அது தின்ற தீனியிலிருந்து வருகிறது. செடிகளில் இருக்கும் லூட்டின், ஸியாசாந்தின் போன்ற நிறமிகள் கொழுப்பில் கரையக்கூடியவை. கோழியின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து கருவின் கொழுப்பில் படிந்துவிடும்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைத் தீவனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். மீதி சோயா புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், வைட்டமின் கலவை. மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம் நிறமி இருக்கும். பாதி மக்காச்சோளம் என்றால் தீவனத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால் அதற்குக் கிடைப்பது ஒரு மில்லிகிராம் சொச்சம். அதிலும் சிறு பங்குதான் முட்டைக்குப் போகிறது. இந்த அளவுக்கு நல்ல மஞ்சள் கரு கிடைக்கும், ஆனால் ஆரஞ்சு வராது.

இப்போது மக்காச்சோளம் விலை ஏறுகிறது என்று வையுங்கள். எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்தை வாங்க ஆரம்பித்த பிறகு இது அடிக்கடி நடக்கிறது. பண்ணைக்காரர் அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டு அரிசிக் குருணையோ கம்போ சேர்ப்பார். குருணையில் கோழிக்குத் தேவையான மாவுச்சத்து இருக்கிறது, நிறமி இல்லை. இரண்டு மூன்று நாளிலேயே கரு வெளிற ஆரம்பிக்கும். சினைப்பையில் ஒரு கரு முழுசாக வளர ஏழு முதல் பத்து நாள் ஆவதால், பழைய நிறம் முழுக்கப் போக இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்த முட்டையில் புரதம் குறையவில்லை, வைட்டமின் கலவை அப்படியே போகிறது. கோழிக்கும் ஒன்றும் இல்லை. நிறம் மட்டும் போச்சு. உங்கள் ஊர்க் கடையில் ஒரு மாதம் கரு மஞ்சளாகவும் அடுத்த மாதம் வெளிறியும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெள்ளை மக்காச்சோளம் தின்னும் ஆப்பிரிக்க நாடுகளின் கோழி முட்டையில் கரு கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். ஜப்பானில் அரிசி மட்டும் போட்டு வளர்த்து, வெள்ளைக் கருவையே ஒரு சிறப்பாக விற்கிறார்கள்! ஒரு ஊரில் குறை என்று ஒதுக்குவதை இன்னொரு ஊரில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆரஞ்சு எப்படி வருகிறது? மஞ்சள் நிறமியை எவ்வளவு கூட்டினாலும் கரு அடர்மஞ்சளில் நின்றுவிடும். செம்மை வேண்டுமென்றால் சிவப்பு நிறமி சேர்க்க வேண்டும். மஞ்சளுக்குச் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுத்த சாறு, சிவப்புக்கு மிளகாய் வகையிலிருந்து எடுத்த கேப்சாந்தின் அல்லது ஆலையில் செய்த காந்தாசாந்தின். ஒரு டன் தீவனத்துக்கு இரண்டு மூன்று கிராம் சிவப்பு நிறமி போதும், கரு ஆரஞ்சாகிவிடும். எவ்வளவு அடர்த்தி வேண்டும் என்பதற்கு பெயின்ட் கடை அட்டை மாதிரி ஒரு விசிறி இருக்கிறது. வெளிர்மஞ்சளில் தொடங்கி செம்ஆரஞ்சு வரை எண்கள் போட்டிருக்கும். 'எனக்கு 12 வேண்டும்' என்று வாங்குபவர் சொன்னால் பண்ணை அதற்கேற்ற கலவையைப் போடும். அவ்வளவுதான் விஷயம்.

இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நிறமிகளுக்கு அனுமதி உண்டு, அளவுக் கட்டுப்பாடும் உண்டு. காந்தாசாந்தின் அதிகமானால் மனிதக் கண்ணின் விழித்திரையில் படிகமாகப் படியலாம் என்று தெரிந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் முட்டைக்கோழித் தீவனத்தில் அதன் உச்ச அளவை கிலோவுக்கு 80 மில்லிகிராமிலிருந்து 8 மில்லிகிராமாகக் குறைத்தது. உண்மையான மோசடியும் நடந்திருக்கிறது. 2006இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் வாத்து முட்டைக் கரு சிவப்பாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தீனியில் சூடான் சாயத்தைக் கலந்தது பிடிபட்டது. அது தொழிற்சாலைச் சாயம். செக்கச்செவேல் என்று கேட்கிற சந்தை இருந்ததால்தான் அதைக் கலந்தார்கள்.

அப்போ சத்து?

சத்துக்களில் நிறைய நிறமே இல்லாதவை. புரதம், வைட்டமின் டி, ஒமேகா-3 எதற்கும் மஞ்சளோ சிவப்போ கிடையாது. கருவில் இருக்கும் வைட்டமின் ஏகூட அந்தச் சிறு அளவில் நம் கண்ணுக்குத் தெரிகிற நிறம் தருவதில்லை. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினைக் கோழிக்குக் கொடுத்தால் அதில் பெரும்பகுதியை வைட்டமின் ஏயாக மாற்றிவிடும். கருவுக்கு நிறம் ஏறாது, ஆனால் சத்து ஏறும்.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1919இல் அமெரிக்காவின் மிசோரியில் லீராய் பாமர் என்ற விஞ்ஞானியும் அவரது சகா கெம்ப்ஸ்டரும், நிறமி இல்லாத தீனியை மட்டும் போட்டுக் கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தார்கள். வைட்டமினுக்காகக் கொஞ்சம் பன்றி ஈரல் சேர்த்துக்கொண்டார்கள். கோழிகள் நன்றாக வளர்ந்தன, முட்டையும் இட்டன. கருவில் அந்த மஞ்சள் இல்லை. ஆனால் அந்த முட்டைகளிலிருந்து குஞ்சும் பொரித்தது. ஒரு குஞ்சின் உடம்பு முழுவதும் அந்த முட்டைக்குள் இருந்ததிலிருந்துதான் உருவாக வேண்டும். அதற்கு இந்த நிறம் தேவைப்படவில்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். நிறமியே ஒரு சத்தாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. மஞ்சள் தரும் லூட்டினும் ஸியாசாந்தினும் நம் விழித்திரையில் சேர்பவை, கண்ணுக்கு நல்லவை. ஒரு சாதாரண முட்டையில் இவை கால் மில்லிகிராம் அளவில் இருக்கும். கருவின் கொழுப்போடு வருவதால் உடம்பு நன்றாகவே உறிஞ்சும். ஆனால் ஒரு கைப்பிடிக் கீரையில் இதைவிடப் பல மடங்கு உண்டு. இன்னொரு சிக்கல்: கருவை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குத் தள்ளுவது லூட்டின் இல்லை, சிவப்பு நிறமி. அதனால் அதிக ஆரஞ்சு என்றால் அதிக லூட்டின் என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் பாட்டிமார் சொன்னது பொய்யா? அவர்கள் காலத்தில் பொய்யில்லை. வைட்டமின் கலவை என்று ஒன்று இல்லாத நாளில், மேய்கிற கோழி பச்சிலையும் புழுவும் தின்றால் கருவுக்கு நிறமும் சேர்ந்தது, வைட்டமினும் சேர்ந்தது. ஒன்றைப் பார்த்து மற்றதைக் கணிக்க முடிந்தது. இன்று நிறத்தைத் தனியாக, பொட்டலத்தில் வாங்க முடியும். அதனால் அந்தக் கணக்கு உடைந்துவிட்டது.

மேய்ச்சலுக்குப் பலன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புல்வெளியில் மேய்ந்த கோழி முட்டையில் கூண்டுக் கோழி முட்டையைவிட வைட்டமின் ஈ இரண்டு மடங்கு இருந்தது. ஒமேகா-3 கொழுப்பும் கூடுதல். ஆனால் அது மேய்ச்சலால் வந்தது. ஆரஞ்சுக் கரு மேய்ச்சலுக்குச் சாட்சி இல்லை.

சொல்லப்போனால், மேய்ந்த கோழியைக் கண்டுபிடிக்க நிறத்தை வேறு மாதிரி பார்க்க வேண்டும். அரக்கோணத்தைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுக் கோழி ஒன்று குருணையும் நெல்லும் தின்னும், இன்னொன்று வரப்போரம் கீரையைக் கொத்தும், மூன்றாவது குப்பையைக் கிளறும். மழைக்குப் பிறகு பச்சை முளைத்தால் கரு அடர்த்தியாகும், சித்திரை வெயிலில் வெளிறும். ஆகவே இப்படி நாலு வீட்டில் திரட்டிய ஒரு டஜன் முட்டையை உடைத்தால் நிறம் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பதுதான் இயல்பு. பன்னிரண்டும் ஒரே அச்சில் செம்ஆரஞ்சாக இருந்தால் எனக்கு முதலில் தோன்றுவது தீவனக் கலவைதான். (ஓட்டின் பழுப்பையும் நம்ப வேண்டாம். அது கோழியின் இனத்தைப் பொறுத்தது, தீனியைப் பொறுத்தது இல்லை.)

ஒரே ஒரு விஷயத்தில் வெளிறிய கரு கவலைக்குரியது, அதுவும் பண்ணைக்காரருக்கு. தீவனம் மாறாமலே திடீரென்று நிறம் குறைந்தால் கோழியின் குடலில் ரத்தக் கழிச்சல் நோயோ புழுவோ இருக்கலாம், அல்லது தீவனத்தில் பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கலாம். நிறமியை உறிஞ்ச முடியாத குடலால் மற்றதையும் சரியாக உறிஞ்ச முடியாது. கடையில் நிற்கும் நமக்கு இதைப் பிரித்தறிய வழியில்லை.

என் கருத்து: நிறமி சேர்ப்பதில் தப்பில்லை, அதைச் சொல்லாமல் 'சத்து' என்று விற்பதுதான் தப்பு. பெட்டியில் அடைத்து விற்கும் கம்பெனிகள் கருவின் படத்தைப் போடுவதற்குப் பதிலாக, கோழி என்ன தின்றது, எந்த நிறமி சேர்த்தார்கள் என்று ஒரு வரி அச்சிட வேண்டும். ஒமேகா-3 என்று பெயர் வைத்தால் ஒரு முட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று போடட்டும். அதற்கு நான் கூடுதல் காசு கொடுப்பேன்.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மிசோரி குஞ்சுகளின் கதையை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ ஸ்கூல் முட்டைய முழுசா சாப்பிடச் சொல்லிடுறேன்" என்றாள். நாட்டு முட்டை வாங்குவதை நிறுத்தவில்லை, ருசி நன்றாக இருக்கிறதாம். அது அவள் காசு, அவள் நாக்கு.