கரண்ட் போய் வந்த பிறகும் வேலை செய்யுமா?



ஆறாவது செமஸ்டர் நெருங்கினால் நம் ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். தலைப்பு எப்போதும் ஒன்றேதான். "ஹோம் ஆட்டோமேஷன் ப்ராஜெக்ட் எடுத்துட்டோம்... இஎஸ்பி32 வாங்கலாமா, ராஸ்பெரி பை வாங்கலாமா?" ஓர் அணி "பை தான்டா கெத்து, அது முழு கம்ப்யூட்டர்" என்று முழங்கும். எதிரணி "காசு யாரு, உங்க அப்பாவா தருவாரு?" என்று மடக்கும். நடுவர் இல்லாத பட்டிமன்றம் ஆகையால் விடிய விடிய நடக்கும்!

விலை வித்தியாசம் பெரிதுதான், மறுக்கவில்லை. இஎஸ்பி32 போர்டு சில நூறு ரூபாய். பை, அதற்கான பவர் சப்ளை, மெமரி கார்டு எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம். ஆனால் யாராவது பையை இலவசமாகக் கொடுத்தாலும், முதல் ப்ராஜெக்டுக்கு அதைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன். ஏன் என்கிறீர்களா? நம் ஊர் வீட்டில் ஒரு நாளில் எத்தனை முறை கரண்ட் போகிறது, போய் வந்த பிறகு அந்தப் போர்டு என்ன செய்கிறது... இந்தக் கேள்வியை இரண்டு அணியுமே கேட்பதில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இஎஸ்பி32, ஆர்டுயினோ யூனோ ஆகியவை மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள். ஒரே சில்லுக்குள் பிராசஸர், நினைவகம், பின்கள் எல்லாம் அடக்கம்; நீங்கள் எழுதிய புரோகிராம்தான் அங்கே முதலாளி. ராஸ்பெரி பை 4, 5 போன்றவை சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர்கள். அவற்றில் லினக்ஸ் ஓடும். உங்கள் புரோகிராம் அதில் ஒரு வாடகைக்குடித்தனக்காரர். 2021-ல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ, பெயரில் பை இருந்தாலும் மைக்ரோகன்ட்ரோலர் சாதிதான். கடைக்காரர் "இதுவும் பை தான் தம்பி" என்றால் ஏமாறாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஹோம் ஆட்டோமேஷன் என்றதும் புத்தகத்தில் வருவது கலர் கலராக எரியும் பல்பு. நம் வீட்டில் உண்மையாகத் தேவைப்படுவதோ, "டேங்க் வழியுதுடா, மோட்டாரை நிறுத்து!" என்று அம்மா கத்துவதற்கு ஒரு முடிவு. ஆகவே மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க், கீழே 1 ஹெச்.பி. மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். நிமிஷத்துக்கு 40 லிட்டர் ஏற்றினால் காலி டேங்க் 25 நிமிஷத்தில் நிரம்பும். டேங்கில் மேலே ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு ஃப்ளோட் சுவிட்ச். அடி ஃப்ளோட் "தண்ணீர் இல்லை" என்றால் மோட்டார் ஓட வேண்டும். மேல் ஃப்ளோட் "நிரம்பிவிட்டது" என்றால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை!

இதைப் பையில் செய்தால்? லேப் மேஜையில் ஜோராக ஓடும். மதியம் கரண்ட் போகிறது. லினக்ஸ் எந்நேரமும் மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டேயிருக்கும். எழுதும்போது மின்சாரம் நின்றால் ஃபைல் சிஸ்டம் சிதையலாம். பத்து முறை ஒன்றும் ஆகாது. பதினோராவது முறை கரண்ட் வந்ததும் சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பச்சை விளக்கு சரியாகச் சிமிட்டாது, போர்டு எழுந்திருக்காது. கார்டை எடுத்து மறுபடி இமேஜ் எழுதுவதைத் தவிர வழியில்லை. நீங்கள் ஹாஸ்டலில், டேங்க் ஊரில்!

கார்டு தப்பித்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. பலர் டெர்மினலில் புரோகிராமைத் தட்டி ஓட்டிக் காட்டுவார்கள். கரண்ட் போய் வந்தால் லினக்ஸ் எழுந்துகொள்ளும், புரோகிராம் எழாது. அதற்கு `systemd` சர்வீஸாகப் பதிவு செய்ய வேண்டும். போதாக்குறைக்கு, கையில் கிடைத்த போன் சார்ஜரில் பையை ஓட்டினால் வோல்டேஜ் தாழும். `vcgencmd get_throttled` என்று கேட்டுப் பாருங்கள். `throttled=0x0` என்று வந்தால் நலம், `0x50000` என்று வந்தால் ஏற்கெனவே வோல்டேஜ் தாழ்ந்து, பிராசஸர் வேகத்தைக் குறைத்திருக்கிறது என்று அர்த்தம். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டுதான். `raspi-config`-ல் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால் கார்டில் எழுதுவது நிற்கும், குட்டி யு.பி.எஸ். வைக்கலாம். ஆனால் இரண்டு ஃப்ளோட்டைப் பார்த்து ஒரு மோட்டாரை நிறுத்துவதற்கா இவ்வளவு வைத்தியம்?

இஎஸ்பி32-ல் புரோகிராம் சில்லோடு இருக்கும் ஃப்ளாஷில் உறங்குகிறது. ஓடும்போது அதில் யாரும் எழுதுவதில்லை. கரண்ட் வந்தால் ஏறக்குறைய ஒரு விநாடியில் உங்கள் புரோகிராமின் முதல் வரியில் நிற்கும். "பையில் பைத்தான் எழுதலாமே" என்பவர்களுக்கு: மைக்ரோபைத்தான் இதிலும் ஓடும்.

அதற்காக இஎஸ்பி32 பரம சாது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் குறும்புகள் வேறு மாதிரி, பெரும்பாலும் விழித்தெழும் அந்த ஒரு விநாடியில். அப்போது பின்கள் இன்னும் யார் சொல்லையும் கேட்காமல் மிதந்துகொண்டிருக்கும். கடையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்கள் பலவும் பின் தாழ்ந்தால் ஆன் ஆகிற ஜாதி. விளைவு, கரண்ட் வரும்போதெல்லாம் ரிலே ஒரு 'டிக்' அடித்து மோட்டாரை உலுக்கும். பின் உயர்ந்தால் ஆன் ஆகும்படி ஜம்பர் உள்ள மாட்யூலை வாங்கி, சிக்னல் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள்; மிதக்கும் பின்னை அது கீழே பிடித்து வைக்கும். முதல் வகை இஎஸ்பி32-ல் 12-ஆம் பின்னை விட்டுவிடுங்கள். எழும் நேரத்தில் அது உயர்ந்திருந்தால் போர்டே கிளம்பாது. ரிலேக்கு 26, ஃப்ளோட்டுகளுக்கு 32, 33 என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

ஃப்ளோட் கம்பியிலும் ஒரு யோசனை வேண்டும். மாடியிலிருந்து வரும் கம்பியை எலி கடிக்கும், வெயில் தின்னும். அறுந்த கம்பியை உங்கள் புரோகிராம் எப்படிப் புரிந்துகொள்ளும்? தண்ணீர் இல்லாதபோது மூடியும், தண்ணீர் தொட்டதும் திறந்தும் இருக்கிற மாதிரி இரண்டு ஃப்ளோட்டையும் மாட்டுங்கள். கம்பி அறுந்தால் 'திறந்தது' என்றுதான் தெரியும். அதாவது 'தண்ணீர் இருக்கிறது', ஆகவே மோட்டார் ஓடாது. டேங்க் காலியாகி அம்மா திட்டுவார்கள், ஆனால் தெருவெல்லாம் தண்ணீர் ஓடாது. நீளக் கம்பிக்குச் சில்லின் உள் புல்-அப் போதாது, வெளியே 3.3 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் போடுங்கள்.

அப்புறம் அந்த நீல நிறக் குட்டி ரிலே! மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். மோட்டார் ஓடும்போது அதற்குள்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அந்தத் தீப்பொறியில் ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால், புரோகிராம் 'நில்' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் மோட்டார் நிற்காது. மாட்யூலில் ரிலே விளக்கு அணைந்திருக்க, மோட்டார் மட்டும் ஓடினால் அதுதான் நோய். குட்டி ரிலே ஒரு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டார் கரண்டைக் கான்டாக்டர் சுமக்கட்டும். அந்த வயரிங்கை எலெக்ட்ரிகல் துறை நண்பரையும் ஒரு எலெக்ட்ரீஷியனையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரிலே அடிக்கும்போது போர்டு தானே ரீசெட் ஆகிறதா? சீரியல் மானிட்டரைப் பாருங்கள். `Brownout detector was triggered` என்று வந்தால் புரோகிராமைத் துழாவ வேண்டாம், பவர் சப்ளை பலவீனம்.

புரோகிராமின் உயிர் இவ்வளவே:

```
if (tankFull || runMinutes >= 35) {
  motorOff();
  locked = !tankFull;
} else if (tankLow && !locked) {
  motorOn();
}
```

25 நிமிஷத்தில் நிரம்ப வேண்டிய டேங்க் 35 நிமிஷமாகியும் நிரம்பவில்லை என்றால் கிணற்றில் தண்ணீர் இல்லை, அல்லது பைப் உடைந்திருக்கிறது. நிறுத்திப் பூட்டிவிடு, ஆள் வந்து பார்க்கட்டும் என்பதுதான் `locked`. ஃப்ளோட் தண்ணீரில் ஆடும். ஆகவே இரண்டு மூன்று விநாடி ஒரே நிலையில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

இதில் வைஃபை எங்கே என்கிறீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். மாதிரிப் புரோகிராம்கள் பலவற்றில் `setup()`-க்குள் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
while (WiFi.status() != WL_CONNECTED) delay(500);
```

கரண்ட் வந்ததும் போர்டு ஒரு விநாடியில் எழுந்துவிடும். ரவுட்டர் நிதானமாக ஓரிரு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அதுவரை உங்கள் டேங்க் அநாதை. ரவுட்டர் செத்துப்போனால் நிரந்தர அநாதை! மோட்டார் வேலை `loop()`-ல் தானாக நடக்க, வைஃபை கிடைத்தால் மட்டும் போனுக்குச் செய்தி போகும்படி எழுதுங்கள்.

அப்படியானால் பை எப்போது? வாசலில் கேமரா வைத்து முகம் பார்க்க வேண்டும், ஒரு வருஷத் தண்ணீர்க் கணக்கை கிராஃப் போட வேண்டும், நாலு அறையிலும் நாலு இஎஸ்பி32 வைத்து ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்றால் அப்போது பை தான் சரி, இஎஸ்பி32 திணறும். அப்போதும் பை கணக்குப்பிள்ளையாக அலமாரியில் உட்காரட்டும். மோட்டாரை நிறுத்தும் முடிவு டேங்க் பக்கத்து இஎஸ்பி32-விடமே இருக்கட்டும். பை படுத்துவிட்டால் கிராஃபில் ஒரு ஓட்டை விழும், தண்ணீர் வழியாது.

"எக்ஸ்டர்னல் வந்தால் பை தானே எடுபடும்?" என்று கேட்கிற நண்பருக்கு ஒரு யோசனை. வைவாவில் மோட்டாருக்குப் பதில் கான்டாக்டரில் ஒரு பல்பை மாட்டி, பல்பு எரிகிறபோது மெயின் சுவிட்சை நீங்களே அணையுங்கள். பத்து விநாடி கழித்துப் போடுங்கள். அவர் வாட்சைப் பார்ப்பதற்குள் பல்பு எரியட்டும். பிறகு மேல் ஃப்ளோட்டின் கம்பியை அவர் கையாலேயே பிடுங்கச் சொல்லுங்கள். பல்பு அணைய வேண்டும்!