மூணு தடவை படிச்சும் தேர்வு ஹால்ல மறந்துபோகுதா? தப்பு ஞாபகசக்தியில இல்ல!

சேலத்தில் ஒரு வீடு. இரவு ஒன்பதரை மணி. குரூப்-4 தேர்வுக்குப் படிக்கும் அம்மா, இந்திய அரசியலமைப்புப் பாடத்தை மூன்றாவது முறையாக முடித்துவிட்டு நோட்டை மூடுகிறார். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள், சட்டப்பிரிவு எண்களுக்குப் பச்சை என்று ஹைலைட்டரால் அடித்து அடித்து, அடிக்காத வரியைத் தேட வேண்டிய நிலை. ப்ளஸ் டூ படிக்கும் மகள் அந்த நோட்டை வாங்கி, சும்மா ஒரு கேள்வி கேட்கிறாள்.

"அம்மா, நிதி ஆணையம் எந்தச் சட்டப்பிரிவு?"

"வலதுபக்கம் மேலே, பச்சைக்கலர்ல இருக்குமேடி... இப்பதானே படிச்சேன்!"

பக்கம் கண்முன் நிற்கிறது, கலரும் நிற்கிறது. 280 என்ற எண் மட்டும் வரவில்லை.

இது அந்த அம்மாவுக்கு மட்டும் நடப்பது அல்ல. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே 'தெரியும்' என்று மனசு கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆனால், பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது வேறு, எதையும் பார்க்காமல் உள்ளிருந்து எடுத்துச் சொல்வது வேறு. முகம் தெரிந்தவரின் பெயர் நாக்குநுனியில் நின்றுபோவது போலத்தான்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை அது. கல்லூரி மாணவர்களிடம் சிறிய கட்டுரை ஒன்று கொடுக்கப்பட்டது. ஒரு குழு, நான்கு சுற்றிலும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் வெற்றுத்தாளில் நினைவில் இருந்ததை எழுதியது. எழுதியது சரியா, தவறா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்த குழுதான் ஜெயித்தது. அவர்களுக்கு 83 சதவிகிதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71 சதவிகிதம். ஆனால், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவிகிதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இத்தனைக்கும் படித்த குழு அந்தக் கட்டுரையைச் சராசரியாக 14 முறைக்கு மேல் படித்திருந்தது, எழுதிய குழு மூன்றரை முறைகூடப் படிக்கவில்லை. இன்னொரு வேடிக்கை, 'ஒரு வாரம் கழித்து எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு இருந்ததும் அந்த 14 முறை படித்த குழுதான்!

'பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படிச்சுத்தானே பாஸ் பண்ணேன்' என்று வீட்டில் யாராவது சொன்னால், அதிலும் உண்மை இருக்கிறது. மறுநாள் காலை தேர்வுக்கு அது ஓரளவு கைகொடுக்கும். மாதக்கணக்கில் பாடத்தைத் தாங்க வேண்டிய குரூப்-4 போன்ற தேர்வில்தான் காலைவாரும்.

சரி, ஃப்ளாஷ் கார்டு? நம் வீட்டில் அட்டை வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப்பக்கம் போதும், நாலாக வெட்டினால் கார்டு. முன்பக்கம் '280', பின்பக்கம் 'நிதி ஆணையம்'. சட்டப்பிரிவு எண்கள், ஆண்டுகள், கலைச்சொற்கள், நூலும் ஆசிரியரும் என ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் சின்னச் சின்ன விஷயங்களுக்கு இதைவிடக் கச்சிதமான வழி இல்லை. காரணம், ஒவ்வொரு கார்டும் ஒரு குட்டித் தேர்வு.

குட்டித் தேர்வாக இருந்தால்தான் பலன். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் அரை நொடியில் திருப்பி, 'ஆமா, ஆமா, இதுதான்' என்று அடுத்த கார்டுக்குப் போனால், அதுவும் திரும்பப் படிப்பதுதான். அட்டை மட்டும்தான் வித்தியாசம். விடையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். தவறாகச் சொல்லிவிட்டால் மழுப்ப வழி இருக்காது.

இரண்டாவது தவறு இன்னும் நைஸானது. ஒருமுறை சரியாகச் சொன்னதும் 'இது ஓகே' என்று அந்தக் கார்டை ஒதுக்கிவிடுவது. இதே ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2008-ல் இதையும் சோதித்தார்கள். 40 ஸ்வாஹிலி மொழிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவிகிதம் நினைவிருந்தது. சரியாகச் சொன்னதும் அந்தச் சொல்லைக் கேட்பதை நிறுத்தியவர்களுக்குச் சுமார் 35 சதவிகிதம்தான். அந்தச் சொல்லைத் தொடர்ந்து படித்தார்களா, இல்லையா என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. கேட்டார்களா என்பதுதான் செய்தது.

அப்படியானால், தெரிந்த கார்டையும் தினமும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டுமா? வேண்டாம். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970-களிலேயே இதற்கு ஒரு பெட்டி முறை சொல்லியிருக்கிறார். அதைச் சுருக்கினால் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் போதும். புது கார்டுகள் எல்லாம் முதல் டப்பாவில், தினமும் கேட்க வேண்டியவை. சரியாகச் சொன்ன கார்டு இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம். அங்கேயும் சரியாகச் சொன்னால் மூன்றாவது டப்பா, வாரம் ஒருமுறை. எந்த டப்பாவில் தவறினாலும் மறுபடி முதல் டப்பாதான், கருணை கிடையாது. மொபைலில் இருக்கும் ஃப்ளாஷ் கார்டு ஆப்களில் பலவும் செய்வது கிட்டத்தட்ட இதையேதான்.

கார்டுக் கட்டை ரொம்பச் சின்னதாக வைத்துக்கொள்ளவும் கூடாது. ஐந்து கார்டை மட்டும் சுற்றிச் சுற்றிக் கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் அதே கார்டு திரும்ப வந்துவிடும். விடை காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும், யோசிக்கவே வேலை இருக்காது. 20, 30 கார்டுகளாவது இருந்தால்தான் கொஞ்சம் மறந்து, கொஞ்சம் திணறி, பிறகு எடுக்க நேரும். அந்தத் திணறல்தான் வேலையைச் செய்கிறது.

சேலத்து அம்மாவுக்கு இதெல்லாம் நன்றாகவே போனது. 30 கார்டுகள், காலையில் இட்லி வேகும் நேரத்தில் ஒரு சுற்று. பத்தாவது நாள், 72 என்றதும் 'குடியரசுத் தலைவரின் மன்னிக்கும் அதிகாரம்', 161 என்றதும் 'ஆளுநரின் மன்னிக்கும் அதிகாரம்' என்று தடையில்லாமல் வந்தது. அன்று மாலை மகள் ஒரு மாதிரி வினா எழுதி நீட்டினாள்.

'தவறாகப் பொருந்தியதைத் தேர்வு செய்க. (ஏ) 17 - தீண்டாமை ஒழிப்பு. (பி) 32 - அரசியலமைப்புத் தீர்வு உரிமை. (சி) 40 - கிராமப் பஞ்சாயத்துகள். (டி) 161 - குடியரசுத் தலைவரின் மன்னிக்கும் அதிகாரம்.'

அம்மா 40-ல் போய் நின்றுவிட்டார். 161-ஐப் பார்த்தார், 'மன்னிக்கும் அதிகாரம்' என்ற சொல்லைப் பார்த்ததும் சரி என்று தாண்டிவிட்டார். கார்டில் தனித்தனியாகத் தெரிந்த இரண்டு விஷயங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏமாற்றும்போது தெரியவில்லை.

கார்டின் எல்லை இதுதான். கார்டு எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ அதற்குத்தான் பழக்கும். தேர்வு அதே கேள்வியை அப்படியே கேட்பதில்லை. பொருத்துக, தவறானது எது, கூற்று-காரணம் என்று வளைத்து வளைத்துக் கேட்கும். குரூப்-4-ல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குக் கீழ்தான் கிடைக்கும். அந்த வேகத்தையும், ஒரே மாதிரி தெரியும் விடைகளைப் பிரித்தறிவதையும் மாதிரித் தேர்வு எழுதித்தான் பழக முடியும்.

மாதிரித் தேர்விலும் ஒரு ஆபத்து உண்டு. நான்கு விடைகளில் மூன்று பொய். தவறான விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மார்க்கை மட்டும் கூட்டிப் பார்த்து, 'நூத்தி நாப்பது வந்துச்சு, பரவால்ல' என்று தாளை மடித்து வைத்தால், அந்தத் தவறான விடையே மனதில் உட்கார்ந்துகொள்ளும். அடுத்தமுறை அதுதான் 'எங்கேயோ பார்த்த மாதிரி' தெரியும். விடைகளைச் சரிபார்த்துத் திருத்தினால் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறையும். அதனால் தேர்வு எழுத மூன்று மணி நேரம் ஒதுக்குபவர்கள், திருத்த இன்னொரு மணி நேரமாவது ஒதுக்கத்தான் வேண்டும்.

திருத்தும்போது பார்க்க வேண்டியது தவறான கேள்விகளை மட்டுமல்ல, குருட்டாம்போக்கில் சரியானவற்றையும்தான். டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்ற கட்டம் இருக்கிறதே, வீட்டில் எழுதும்போது அது தங்கமான வசதி. ஊகித்து எழுதிய கேள்விகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், உண்மையில் எத்தனை தெரியும் என்பது புள்ளிகளைக் கழித்ததும் வெளியே வந்துவிடும். அதே மாதிரித் தாளை இரண்டாம் முறை எழுதி 30 மார்க் கூடிவிட்டது என்று சந்தோஷப்படவும் முடியாது. ஞாபகம் இருப்பது பாடமா, 'இதுக்கு பி' என்பதா என்று அதில் தெரியாது.

அப்படியானால், திரும்பப் படிப்பதை மூட்டைகட்டிவிடலாமா? அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. புரியாத பாடத்தைக் கார்டு போட்டால் வெறும் எண்தான் மனப்பாடமாகும். முதலில் ஒருமுறை நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டுதான் ஆக வேண்டும். பிறகு, மாதிரித் தேர்வில் சறுக்கிய பத்தியைத் தேடிப்போய் மறுபடி படிப்பதும் நல்ல பலன் தரும். முடித்த கையோடு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பதுதான் வீண். நாலு நாள் விட்டுப் படித்தால் அதற்கே மதிப்பு கூடும்.

அந்த வீட்டில் இப்போது கார்டுகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 72-க்கு ஒன்று, 161-க்கு ஒன்று என்று இருந்தவற்றோடு மூன்றாவதாக ஒரு கார்டு சேர்ந்திருக்கிறது. 'மன்னிக்கும் அதிகாரம்: யாருக்கு எந்தப் பிரிவு, என்ன வித்தியாசம்?' நெருக்கடி நிலைக்கும் அப்படியே, 352, 356, 360 மூன்றையும் ஒரே கார்டில் கேட்கும் கேள்வி. மாதிரித் தேர்வில் எங்கே குழம்புகிறதோ அங்கிருந்துதான் புது கார்டுகள் பிறக்கின்றன. ஞாயிறு காலை தேர்வு, மாலை திருத்தம், இரவு புது கார்டு.

ஹைலைட்டர்களை மகள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கு அடுத்த வாரம் உயிரியல் தேர்வு. "ஏய், அதைக் கீழ வை, முதல்ல நோட்டை மூடிட்டு இதயத்தைப் படம் வரைஞ்சு பாகம் குறி பார்ப்போம்" என்று இந்தமுறை கேள்வி கேட்பது அம்மா.