பணப்பையைத் திருப்பிக் கொடுத்தவரும் ‘கடந்தகால மறுபயனும்’

“கடந்தகால மறுபயன் இங்கிலாந்தில் செல்லாது, இந்தியாவில் செல்லும்.” சட்டத் தேர்வுக்குப் படிப்போர் பலரும் மனப்பாடமாக ஒப்பிக்கும் வரி இது. இது பொய்யன்று, ஆனால் பாதி மெய். விடுபட்ட பாதியில்தான் ஒப்பந்தச் சட்டத்தின் பலவுள் தெரிவு வினாக்கள் பலவற்றின் விடை இருக்கிறது. அந்தப் பாதியைக் கவனியாமல் வினா அமைப்போரும் உண்டு, விடை எழுதுவோரும் உண்டு.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் பெருமழை. சில்க் போர்டு சந்திப்பருகே தேங்கிய நீரில் ஒருவருடைய கார் நின்றுவிடுகிறது. உரிமையாளர் உதவி கேட்குமுன்னரே அவ்வழியே வந்த மெக்கானிக் ஒருவர் தாமாகவே கயிறு கட்டி வண்டியை இழுத்துக் கரைசேர்க்கிறார். நெகிழ்ந்த உரிமையாளர், “நாளை இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன்” என்கிறார். மறுநாள் மறுத்துவிடுகிறார். இந்த வாக்குறுதி சட்டப்படி செல்லுமா?

(அ) செல்லாது. மறுபயன் கடந்தகாலத்தது.
(ஆ) செல்லும். இந்தியாவில் கடந்தகால மறுபயனும் மறுபயனே.
(இ) செல்லும். மறுபயன் இல்லையெனினும் 25(2)ஆம் பிரிவு காக்கிறது.
(ஈ) செல்லாது. வாக்குறுதி எழுத்தில் இல்லை.

மனப்பாட வரியை நம்பியவர் (ஆ)வைத் தேர்வார். சரியான விடை (இ). முடிவு இரண்டிலும் ஒன்றே, காரணம்தான் வேறு. காரணம் வேறானால் என்ன குறை என்று கேட்கலாம். வினாவின் ஒரு நிகழ்வு மாறினால் முடிவும் மாறும் என்பதே அதற்குப் பதில்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 2(டி) பிரிவில் மறுபயனுக்கு இலக்கணம் கூறுகிறது. வாக்குறுதி அளித்தவரின் விருப்பத்தின்பேரில், பெற்றவரோ வேறொருவரோ ஒன்றைச் செய்திருந்தாலும், செய்தாலும், செய்வதாக வாக்களித்தாலும், அதுவே மறுபயன். செய்யாது விலகியிருத்தலும் அவ்வாறே. வினை மூன்று நிலைகளில் வருகிறது. முதல் நிலையான ‘செய்திருந்தாலும்’ என்பதே கடந்தகால மறுபயனுக்கு இந்தியாவில் இடம் தருகிறது. ஆனால் ‘விருப்பத்தின்பேரில்’ என்னும் அடை வாக்கியத்தின் தலைப்பில் நின்று மூன்று நிலைகளையும் ஒருங்கே ஆள்கிறது. மனப்பாட வரி காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடையைக் கைவிட்டுவிட்டது.

மெக்கானிக் உரிமையாளரின் விருப்பத்தின்பேரில் இழுக்கவில்லை. ஆகவே 2(டி) பொருந்தாது. சட்டத்தின் கண்ணில் அங்கே மறுபயனே இல்லை. மறுபயனற்ற உடன்பாடு 25ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் அதே பிரிவு மூன்று விலக்குகளைத் தருகிறது. இரண்டாவது விலக்கு, வாக்குறுதி அளித்தவருக்காகத் தன்னிச்சையாக முன்பே ஒன்றைச் செய்தவருக்கு ஈடுசெய்வதாகக் கூறும் வாக்குறுதியைக் காக்கிறது. சட்டமே தரும் எடுத்துக்காட்டு இது: பி தொலைத்த பணப்பையைக் கண்டெடுத்து ஏ திருப்பித் தருகிறார், பி ஐம்பது ரூபாய் தருவதாகச் சொல்கிறார், அது ஒப்பந்தம். நம் மெக்கானிக்கின் நிலையும் இதுவே.

(ஈ) எனும் விடையும் இங்கே உதிர்கிறது. நெருங்கிய உறவினரிடையே இயல்பான அன்பினால் அளிக்கும் வாக்குறுதிக்கு எழுத்தும் பதிவும் வேண்டும். காலாவதியான கடனைச் செலுத்துவதாகச் சொல்லும் வாக்குறுதிக்கு எழுத்தும் கையொப்பமும் வேண்டும். இரண்டாவது விலக்குக்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. வாய்ச்சொல்லே போதும்.

இனி நிகழ்வை மாற்றுவோம். உரிமையாளரே தொலைபேசியில் அழைத்து, “வந்து இழுங்கள்” என்கிறார், கூலி பேசவில்லை. வேலை முடிந்தபின் இரண்டாயிரம் தருவதாகச் சொல்கிறார். இப்போது விருப்பம் இருக்கிறது, செயல் முடிந்திருக்கிறது. இதுவே 2(டி) கூறும் கடந்தகால மறுபயன். இந்த வினாவுக்கு (ஆ) சரியான விடை, 25ஆம் பிரிவுக்குப் போகவே தேவையில்லை.

இன்னொரு மாற்றம். போக்குவரத்துக் காவலர், வழி அடைபடுகிறதென்று, அந்த வண்டியை அகற்றும்படி மெக்கானிக்குக் கட்டளையிடுகிறார். அவர் அகற்றுகிறார். பிறகே உரிமையாளர் பணம் தருவதாகச் சொல்கிறார். விருப்பம் காவலருடையது, உரிமையாளருடையதன்று. ஆகவே 2(டி) இல்லை. செயல் கட்டளையால் நிகழ்ந்தது, உரிமையாளருக்காகத் தன்னிச்சையாகச் செய்ததன்று. ஆகவே 25(2)உம் இல்லை. வாக்குறுதி செல்லாது. 1880இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த துர்கா பிரசாத் எதிர் பல்தேவ் வழக்கின் சாயல் இது. அங்கே வாதி கலெக்டரின் விருப்பப்படி தம் செலவில் கடைவீதி அமைத்தார். பின்னர் அங்கு வந்த வணிகர்கள் விற்பனையில் கழிவு தருவதாக வாக்களித்தனர். கட்டியது வணிகர்களின் விருப்பத்தின்பேரில் அன்று என்பதால் வாதி தோற்றார். மூன்று நிகழ்வுகளிலும் செயல் வாக்குறுதிக்கு முந்தியதே. ‘இந்தியாவில் செல்லும்’ என்ற வரியை மட்டும் கைக்கொண்டவர் மூன்றுக்கும் ‘செல்லும்’ என்றே எழுதுவார். முதலாவதில் தவறான காரணத்தோடும், மூன்றாவதில் தவறான முடிவோடும் நிற்பார்.

மறுபயனின் போதுமை குறித்த வினாக்களிலும் இதே நோய் உண்டு. ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஏ உடன்படுகிறார், அது செல்லுமா என்று கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். சட்டத்தில் இக்குதிரை இரண்டு முறை வருகிறது. ஓர் எடுத்துக்காட்டில் ஏயின் இசைவு சுதந்திரமானது என்று சட்டமே சொல்லிவிடுகிறது, ஆகவே அது ஒப்பந்தம். அடுத்ததில் தம் இசைவு சுதந்திரமானதன்று என்று ஏ மறுக்கிறார். அப்போது விலையின் குறைவு, இசைவை ஆராயும் நீதிமன்றம் கருதத்தக்க ஒரு சான்றாகிறது. பத்து ரூபாய் என்பதால் மட்டும் உடன்பாடு வீழாது. இசைவு எத்தகையது என்று சொல்லாத வினாவில் மாணவர் ஊகிக்கத்தான் முடியும். தகாத செல்வாக்கினால் விற்கச் செய்தது மெய்ப்பட்டாலும், ஒப்பந்தம் தொடக்கத்திலேயே செல்லாததாகிவிடாது, அது ஏ விரும்பினால் தவிர்க்கத்தக்கது. ‘செல்லாதது’ என்பதையும் ‘தவிர்க்கத்தக்கது’ என்பதையும் ஒரே விடைக்குள் கலப்பது வினா அமைப்பவரின் பிழை.

நாகரபாவியின் தேசியச் சட்டப் பள்ளி உள்ளிட்ட பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு, முன்பு ஒரு கோட்பாட்டைத் தந்து அதை நிகழ்வுக்குப் பொருத்தச் சொல்லும் முறையைக் கொண்டிருந்தது. 2020 முதல் பத்தியைப் படித்து விடையளிக்கும் முறை வந்தது. கோட்பாடோ பத்தியோ ‘கடந்தகால மறுபயன் செல்லாது’ என்று சொன்னால், அதன்படியே விடையளிப்பது அத்தேர்வின் நியாயம். ஆனால் இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்று நேரே கேட்கும் தேர்வில் அந்த நியாயம் செல்லாது. இரண்டு வகை வினாக்களையும் ஒரே பயிற்சித்தாளில் குறிப்பின்றிக் கலந்தால், மாணவர் சட்டத்தை அன்று, ஒரு முழக்கத்தைக் கற்கிறார்.

ஆகவே வினா அமைப்போரிடம் கேட்க வேண்டியது எளிது. செயலை விரும்பியவர் யார், செய்தவர் தாமாகச் செய்தாரா, விலையைப் பற்றிய வினாவாயின் இசைவு எத்தகையது என்பவற்றை நிகழ்வுக்குள்ளேயே எழுதுங்கள். ‘செல்லும்’, ‘செல்லாது’ என்பவற்றோடு காரணத்தையும் விடைகளில் பிரித்து வையுங்கள். மாணவரும் காலத்தைப் பார்க்குமுன் விருப்பத்தைத் தேடட்டும். பணப்பையைத் திருப்பிக் கொடுத்தவருக்கு ஐம்பது ரூபாய் கிடைப்பது கடந்தகால மறுபயனால் அன்று. மறுபயனே இல்லாதபோதும் சட்டம் நன்றிக்கு ஓர் இடம் வைத்திருப்பதால்தான்.